போதை மருந்துப் பதிவேடு: ஆம்பூலை எண்ணுவதில் தொடங்கி காலாவதியானதை அழிப்பது வரை

மருத்துவமனை பார்மசியில் இருக்கும் எல்லா ரெஜிஸ்டரிலும் ஆய்வாளர் முதலில் கேட்பது போதை மருந்துப் பதிவேட்டைத்தான், ஆனால் பெரும்பாலான இடங்களில் ஷிப்ட் முடியும் நேரத்தில் அவசரமாக நிரப்பப்படுவதும் இதுதான். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆரணி பக்கம் ஐம்பது படுக்கை, நூறு படுக்கை மருத்துவமனைகளில் பார்மசி பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே தனி ஆள் இருப்பார், நமக்கு அப்படி இல்லை. பில் போடுகிறவரேதான் மார்பினும் எடுத்துக் கொடுப்பார். எல்லா மருந்தையும் சொல்லப் போனால் நீண்டுவிடும் என்பதால் ஃபென்டானில் 2 மி.லி. ஆம்பூல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஒரு பக்கக் கணக்கு எப்படி ஓடுகிறது, எங்கே இடிக்கிறது, காலாவதியானால் எப்படி முடிகிறது என்று பார்ப்போம்.

சட்டப் பின்னணி சுருக்கமாக. போதை மருந்துகள் சட்டம் 1985-ல் வந்தது. 2014 திருத்தத்தில் அத்தியாவசிய போதை மருந்துகள் என்று ஒரு வகை உருவாகி, 2015-ல் மார்பின், ஃபென்டானில், மெத்தடோன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகிய 6 மருந்துகள் அதில் வந்தன. இவற்றை வைத்திருக்க மருத்துவமனை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், பொறுப்பு மருத்துவர் பெயர் அதில் இருக்க வேண்டும், தினசரிக் கணக்கு எழுத வேண்டும், பதிவுகளைக் குறைந்தது 2 வருடம் வைத்திருக்க வேண்டும். பெத்திடின் அந்த ஆறில் இல்லை, அதற்கு வேறு அனுமதி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் ஊருக்கென்று ஒன்று: 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் உங்கள் மருத்துவமனை இப்போது ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருந்தால், அங்கீகாரச் சான்றில் இருக்கும் முகவரியும் சப்ளையர் பில்லில் இருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இருப்பு என்றால் எது

மொத்த வேலையும் ஒரே ஒரு வரையறையில் நிற்கிறது. பதிவேட்டில் "இருப்பு" என்ற கட்டத்தில் இருக்கும் எண், அந்த ஒரு பூட்டுக்குள் இந்த நிமிடம் இருக்கும் ஆம்பூல்களின் எண்ணிக்கை. அவ்வளவுதான். பயன்படுத்தக்கூடியவை எத்தனை, மருத்துவமனைக்குச் சொந்தமானவை எத்தனை, பில் போடாதவை எத்தனை என்பதெல்லாம் வேறு கணக்குகள். ஆம்பூல் பூட்டை விட்டு வெளியே போகும்போது எண் குறைய வேண்டும், உள்ளே வரும்போது கூட வேண்டும், வேறு எதற்காகவும் அது அசையக் கூடாது.

சொன்னால் எளிதாகத் தெரிகிறது, ஆனால் நடைமுறையில் பாதித் தவறு இங்கேதான் பிறக்கிறது. மருத்துவமனை சாஃப்ட்வேர் பில் போட்டதும் ஸ்டாக்கைக் கழித்துவிடும்; ஆம்பூல் இன்னும் பூட்டுக்குள்ளேயே இருக்கும், அல்லது காலையிலேயே தியேட்டருக்குப் போயிருக்கும். அதனால் கம்ப்யூட்டர் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டை எழுதாதீர்கள். காலாவதியான ஆம்பூலை "இனி உதவாது" என்று கணக்கிலிருந்து கழித்துவிட்டு, ஆனால் உள்ளேயே வைத்திருப்பதும் இதே தவறுதான். அப்படிக் கழித்த நிமிடத்திலிருந்து அந்த ஆம்பூல் எந்தக் கணக்கிலும் இல்லாத ஆம்பூல். யாராவது எடுத்துக்கொண்டு போனாலும் எண் இடிக்காது.

பதிவேட்டைத் தயார் செய்வது

தைத்துக் கட்டிய நோட்டு, தாள் கிழிக்க முடியாதது, எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டது, முதல் பக்கத்தில் மொத்தம் இத்தனை பக்கம் என்று பொறுப்பு மருத்துவர் கையெழுத்து. ஒரு மருந்தின் ஒரு அளவுக்கு ஒரு பக்கம். ஃபென்டானில் 2 மி.லி. ஆம்பூலும் 10 மி.லி. ஆம்பூலும் தனித்தனிப் பக்கம். மார்பின் 10 மி.கி. தனி, 15 மி.கி. தனி. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் மொத்தம் சரியாக வரும், ஆனால் எது இல்லை என்று தெரியாது.

கட்டங்கள்: தேதியும் நேரமும், யாரிடமிருந்து அல்லது யாருக்கு, பில் அல்லது இன்டென்ட் எண், பேட்ச், வரவு, வழங்கியது, இருப்பு, கொடுத்தவர், வாங்கியவர், சாட்சி. இதோடு நான் எப்போதும் கேட்கும் கூடுதல் கட்டம் ஒன்று உண்டு, "எண்ணியது" என்று. இருப்பு என்பது கூட்டிக் கழித்து வந்த எண், எண்ணியது என்பது கையால் தொட்டு எண்ணிய எண். இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதுவது மனித சுபாவம்.

பீரோ இரட்டைப் பூட்டு, இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் கோர்த்திருந்தால் அது ஒற்றைப் பூட்டுதான். அப்புறம் வெயில். மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டும்போது கரண்ட் போன அறையில் மூடிய இரும்பு பீரோவுக்குள் எவ்வளவு இருக்கும் என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், லேபிளில் போட்டிருக்கும் வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். லோராசெபாம் ஊசி மாதிரி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியவையும் கணக்குக்குரிய மருந்துகள்தான். ஃப்ரிட்ஜுக்குள் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி இல்லாவிட்டால் இன்சுலின் எடுக்க வரும் எல்லோருக்கும் அது திறந்த அலமாரி.

சாட்சியோடு எண்ணுவது

ஷிப்ட் மாறும் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும், போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து. முறை முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பதிவேட்டை மூடி வையுங்கள். வருகிறவர் எண்ண வேண்டும், போகிறவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏன் வருகிறவர் என்றால், இனிமேல் பொறுப்பு அவருடையது, அவருக்குத்தான் எண் தெரியாது. ட்ரேயிலிருந்து ஆம்பூல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, லேபிளைப் படித்து, ஐந்து ஐந்தாக அடுக்க வேண்டும். பெட்டியின் மேல் நின்றபடி தலைகளை மட்டும் எண்ணினால் எல்லா ஆம்பூலும் ஒரே மாதிரிதான் தெரியும். மயக்க மருந்து ட்ரேயில் அதே உயரத்தில் வேறு ஆம்பூல்கள் ஏராளம். லேபிள் படிக்கும்போதே கழுத்துப் பகுதியையும் பாருங்கள், ஒட்டின தழும்பு, லேபிள் சுருக்கம், திரவ மட்டம் மற்றவற்றை விடக் கூட குறைய இருப்பது. சீல் உடைக்காத பெட்டியாக இருந்தாலும் பெட்டியில் 10 என்று அச்சிட்டிருப்பதை நம்பி எண்ணாதீர்கள், பெட்டி வந்த அன்றே திறந்து எண்ணிவிட்டால் இந்தச் சிக்கலே இருக்காது.

எண்ணி முடித்ததும் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதிவேட்டைத் திறக்க வேண்டும். இந்த வரிசை ஒன்றுதான் உண்மையான பாதுகாப்பு. பதிவேட்டில் 91 என்று பார்த்துவிட்டு எண்ண ஆரம்பித்தால் 90-ல் முடிந்தாலும் "நான்தான் எங்கேயோ விட்டிருப்பேன்" என்று மனசு சொல்லிவிடும். மூடி வைத்து எண்ணினால் 90 என்பது 90-ஆகவே தாளில் விழும்.

சாட்சி யார் என்பதில் ஒரே நிபந்தனை: அந்த இடத்தில் நின்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். "அக்கா, நேத்து நைட் கவுன்ட்ல ஒரு சைன் போட்டுடுங்க" என்று மறுநாள் நோட்டை நீட்டினால் போடாதீர்கள், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினால் இது எப்படியும் தெரிந்துவிடும். சாட்சிக் கட்டத்தில் ஒரு வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு என்றால் அது ஒரே மூச்சில் போட்டது. இன்னொரு அடையாளம், ஆறு மாசமாக ஒரு அடித்தல் திருத்தம்கூட இல்லாத பதிவேடு. மனிதர்கள் எழுதினால் தவறு வரும், தவறே இல்லாத நோட்டைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

தியேட்டரில் மீதி வரும் மருந்து

பார்மசிப் பதிவேடு ஆம்பூலில் ஓடுகிறது, தியேட்டர் பதிவேடு ஆம்பூலிலும் மைக்ரோகிராமிலும் ஓட வேண்டும். 2 மி.லி. ஆம்பூலில் 100 மைக்ரோகிராம் இருக்கிறது, ஒரு மி.லி.க்கு 50. நோயாளிக்கு 70 கொடுத்தால் சிரிஞ்சில் 30 மீதி, அதாவது 0.6 மி.லி. சாட்சி பார்க்க வேண்டியது காலி ஆம்பூலை இல்லை, சிரிஞ்சில் அந்த 0.6 மி.லி. கோட்டை, பார்த்த பிறகு அது திரும்ப எடுக்க முடியாதபடி கொட்டப்படுவதையும் பார்க்க வேண்டும். கொடுத்தது 70, வீணானது 30, மொத்தம் 100, இரண்டு கையெழுத்து. மீதியை அடுத்த நோயாளிக்கு வைத்துக்கொள்வது தொற்றுக் காரணத்துக்காகவும் கூடாது, கணக்குக் காரணத்துக்காகவும் கூடாது. காலி ஆம்பூல்களைத் தியேட்டரில் உடனே வீசாமல் அன்றைய கணக்கு முடியும்வரை தனி டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள், ஏன் என்று அடுத்து வரும் கதையில் புரியும்.

வீணான அளவில் பார்க்க வேண்டியது அதன் பாணி. எந்த நோயாளிக்கும் எந்த எடைக்கும் எப்போதும் சரியாக 50 வீண் என்று எழுதியிருந்தால், எப்போதும் அதே இரண்டு பேர் கையெழுத்து என்றால், மயக்க மருந்துச் சார்ட்டை எடுத்து வைத்துப் பாருங்கள். பல சமயம் காரணம் சோம்பேறித்தனம்தான். எப்போதும் இல்லை.

ஒரு ஆம்பூல் குறைந்த செவ்வாய்க்கிழமை

இப்போது ஒரு பக்கத்தை எடுத்து வரி வரியாகப் பார்ப்போம்.

```
நேரம்    விவரம்               வரவு  வழங்கல்  இருப்பு  எண்ணியது
காலை 8   ஷிப்ட் எண்ணிக்கை      -     -        49      49
11.00    சப்ளையர் பில்         50    -        99      -
11.30    தியேட்டர் இன்டென்ட்   -     10       89      -
மாலை 5   தியேட்டர் திருப்பியது  2     -        91      -
இரவு 8   ஷிப்ட் எண்ணிக்கை      -     -        91      90
```

ஒன்று குறைகிறது. இந்த இடத்தில் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, யாரையும் குற்றம் சொல்லவும் கூடாது, பதிவேட்டில் எதையும் திருத்தவும் கூடாது. எண்ணிய 90-ஐ அப்படியே எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் ஆள் மாற்றி மறுபடி எண்ணுதல், ட்ரேக்கு அடியில், பெட்டியின் மடிப்பில், பக்கத்து ட்ரேயில் எல்லாம் பார்த்து. பக்கத்து மருந்துகளையும் கூடவே எண்ணிவிடுங்கள்: ஃபென்டானிலில் ஒன்று குறைந்து மார்பினில் ஒன்று கூடினால் ஆம்பூல் காணாமல் போகவில்லை, அறை மாறி உட்கார்ந்திருக்கிறது, அல்லது மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டாவது சாத்தியம் ஆபத்தானது, கணக்கை விட்டுவிட்டு முதலில் அந்த வார்டுக்கு ஓட வேண்டும். நம் உதாரணத்தில் மற்றவை எல்லாம் சரி, மறு எண்ணிக்கையும் 90.

அடுத்தது கூட்டல். கடைசியாக இரண்டு எண்ணும் ஒத்துப்போன இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு முன்னால் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். காலை 8 மணிக்கு 49. அதோடு 50, கழித்தல் 10, கூட்டல் 2, ஆக 91. கூட்டல் சரிதான். அப்படியானால் மூன்று நடமாட்டங்களில் ஒன்று பொய் சொல்கிறது. சப்ளையர் பெட்டிகளை 11 மணிக்கு இருவர் திறந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், சரி. தியேட்டருக்குப் போன 10-க்கு வாங்கிய சிஸ்டர் எண்ணி வாங்கிய கையெழுத்து இருக்கிறது, சரி. திருப்பிய 2-க்குத் துண்டுச் சீட்டு இருக்கிறது, ஆனால் சாட்சிக் கையெழுத்து அடுத்த வரியின் மையில் இருக்கிறது. சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், கையைப் பார்த்து இல்லை.

இனி தியேட்டர் பூட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் பதிவேட்டில் காலை இருப்பு 6, நம்மிடம் வாங்கியது 10, ஆக 16. அன்று பயன்படுத்தியது 9, மீதி 7. இரவில் 5-க்கு மேல் வைக்கக் கூடாது என்பது அந்த மருத்துவமனை விதி, அதனால் 2 திருப்பியதாக எழுதி இருப்பு 5. அவர்கள் பீரோவைத் திறந்து எண்ணினால் 6.

கூட்டிப் பாருங்கள். இரண்டு பதிவேடும் சேர்ந்து 91 கூட்டல் 5, 96. இரண்டு பீரோவும் சேர்ந்து 90 கூட்டல் 6, அதுவும் 96. மொத்தம் ஒத்துப்போகிறது, ஒரு ஆம்பூல் தப்பான பூட்டுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். சீட்டில் 2 எழுதிவிட்டு, கையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், வாங்கிய இடத்திலும் யாரும் எண்ணவில்லை.

திருத்துவது எப்படி? மாலை 5 மணி வரியில் கைவைக்காதீர்கள். ஒயிட்னர் இல்லை, 2-ஐ 1 ஆக்குவதும் இல்லை. புது வரி: "மாலை 5 மணிப் பதிவில் 2 என எழுதப்பட்டது, வந்தது 1. மீதி 1 தியேட்டர் பீரோவில் நேரில் பார்க்கப்பட்டது. திருத்தம் கழித்தல் 1, இருப்பு 90." நேரம், பார்மசிஸ்ட் கையெழுத்து, தியேட்டர் சிஸ்டர் கையெழுத்து. தியேட்டர் பதிவேட்டில் இதற்கு இணையான வரி, கூட்டல் 1, இருப்பு 6. அதற்குப் பிறகு வேண்டுமானால் அந்த ஆம்பூலை ஒழுங்காகத் திருப்பி வாங்கி இன்னொரு வரி எழுதலாம். மூன்று வரி ஆகிறதே என்று யோசிக்காதீர்கள், நடந்தது மூன்று விஷயம்.

தியேட்டரில் 6-க்குப் பதில் 5 இருந்திருந்தால்? அப்போது மொத்தமே 95, ஒன்று உண்மையிலேயே இல்லை. இங்கேதான் காலி ஆம்பூல் டப்பா பேசும். சார்ட்டில் 9 பேருக்குப் போட்டதாக இருந்து டப்பாவில் 10 காலி ஆம்பூல் என்றால், யாருக்கோ அவசரத்தில் போட்டுவிட்டு எழுத மறந்திருக்க வாய்ப்பு அதிகம், அன்றைய சார்ட்டுகளை மயக்க மருந்து டாக்டரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். சார்ட் 9, காலியும் 9 என்றால் முழு ஆம்பூல் ஒன்று வெளியே போயிருக்கிறது. சார்ட் 9, காலி 8 என்றால் அதைவிடச் சங்கடம், போட்டதாக எழுதிய ஒன்று உடைக்கப்படவே இல்லையோ என்ற கேள்வி வரும். காலி ஆம்பூல்களை அவரவர் உடனே வீசிவிட்டிருந்தால் இந்த மூன்றையும் பிரித்தறிய வழியே இல்லை.

முழு ஆம்பூல் காணவில்லை என்று தெரிந்தால் அன்று இரவே பொறுப்பு மருத்துவருக்கும் நிர்வாகத்துக்கும் எழுத்தில் போக வேண்டும்: எந்த நேரத்தில் எண்ணப்பட்டது, யார் யார் இருந்தார்கள், எந்த எந்தப் பதிவைச் சரிபார்த்தீர்கள், வித்தியாசம் எவ்வளவு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் போலீஸுக்கும் சொல்வது நிர்வாகத்தின் கையில், ஆனால் அதைத் தள்ளிப் போடச் சொன்னால் உங்கள் கடிதத்தின் நகலில் வாங்கிய தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள். யார் எடுத்திருப்பார் என்பது பதிவேட்டில் வர வேண்டிய விஷயமே இல்லை. நாளை கிடைத்துவிடும் என்று சொந்தச் செலவில் வெளியே வாங்கி ஈடு கட்டுவதாக யாராவது யோசனை சொன்னால், பேட்ச் எண் காட்டிக் கொடுத்துவிடும் என்பது ஒருபுறம், அது தனிக் குற்றம் என்பது இன்னொரு புறம்.

கை தவறி உடைவதும் உண்டு. துண்டுகளைக் கூட்டிப் பெருக்கிவிடாமல், லேபிள் தெரியும் துண்டோடு ஒரு கவரில் போட்டு, போட்டோ எடுத்து, பார்த்த இருவர் கையெழுத்தோடு அதே பூட்டுக்குள் வையுங்கள், கணக்கில் உடைந்தது 1 என்று தனியாகக் காட்டி.

காலாவதி நெருங்கும்போது

லேபிளில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எண்ணிக்கையின்போதே அடுத்த 3 மாதத்தில் முடியப்போகும் பேட்ச் எது என்று குறித்து, அதை ட்ரேயின் முன்வரிசைக்குக் கொண்டுவந்து, தியேட்டருக்கும் ஐசியுவுக்கும் சொல்லிவிடுங்கள். சப்ளையர் திருப்பி எடுப்பாரா என்று கேட்கலாம், ஆனால் இந்த மருந்துகளைச் சாதாரண எக்ஸ்பைரி ரிட்டர்ன் மூட்டையில் போட்டு அனுப்ப முடியாது. வாங்கியபோது என்ன ஆவணம் தேவைப்பட்டதோ அதே கட்டுப்பாடு திரும்பும்போதும் உண்டு. அதனால் பல சப்ளையர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

நம் பக்கத்தில் மாதக் கடைசி நாள் இரவு இருப்பு 72, அதில் 6 பழைய பேட்ச், அன்றோடு முடிகிறது. மறுநாள் காலை எண்ணிக்கையில் அந்த 6-ஐயும் தனியாக எடுத்து, "காலாவதி, பயன்படுத்தக் கூடாது" என்று எழுதிய சிவப்பு ஒட்டு ஒட்டிய பெட்டியில் போட்டு, அதே பீரோவின் வேறு தட்டில் வையுங்கள். பதிவேட்டில் வரி இப்படி வரும்: மொத்த இருப்பு 72, பயன்பாட்டுக்கு 66, காலாவதி 6. எண் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள், பூட்டை விட்டு எதுவும் வெளியே போகவில்லையே. இனி ஒவ்வொரு ஷிப்ட் எண்ணிக்கையிலும் இந்த 6-ம் எண்ணப்படும். சலிப்பாக இருக்கும். காலாவதிப் பெட்டியை யாரும் எண்ணுவதில்லை என்பது தெரிந்த ஆளுக்கு அதுதான் வசதியான பெட்டி என்பதை நினைத்துக்கொண்டால் சலிப்பு போய்விடும்.

அப்புறம் கடிதம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நம் மண்டல அலுவலகத்துக்கு, பொறுப்பு மருத்துவர் கையெழுத்தில். மருந்தின் பெயரும் அளவும், பேட்ச், காலாவதி மாதம், எண்ணிக்கை 6, எண்ணாலும் எழுத்தாலும், பதிவேட்டுப் பக்க எண், அங்கீகாரச் சான்று எண், காலாவதி ஆனதற்கான காரணம், யார் முன்னிலையில் எப்படி அழிக்க வேண்டும் என்று அறிவுறுத்தும்படி வேண்டுகோள். எழுத்தில் பதில் வரும்வரை ஒன்றையும் உடைக்கக் கூடாது. பதில் வர நாளாகும், மறுபடி ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டியும் வரலாம், அதுவரை 6 அங்கேயே இருக்கட்டும்.

2025-ல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில் ஃபென்டானில், மார்பின் உட்பட 17 மருந்துகளைக் கழிப்பறையில் ஊற்றிவிடலாம் என்று இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது வீட்டில் மீந்துபோகும் மருந்து தவறான கையில் சிக்காமல் இருப்பதற்குச் சொன்னது. மருத்துவமனைக் கணக்கில் இருக்கும் ஸ்டாக்கைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தால் உங்களிடம் மிஞ்சுவது கணக்கில் 6 குறைவு மட்டும்தான்.

அழிக்கும் நாள்

அனுமதிக் கடிதம் எந்த முறையைச் சொல்கிறதோ அதுதான் முறை. அதில் உடைத்து அழிக்கச் சொல்லியிருந்தால் நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம்: மருத்துவக் கழிவு விதிகள் 2016-ன்படி மஞ்சள் பைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது, எனவே கழிவு வண்டி வரும் நாளன்று, வண்டி வருவதற்குச் சற்று முன்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பீரோவைத் திறப்பதற்கு முன்பே எல்லோரும் வந்திருக்க வேண்டும்: பார்மசிஸ்ட், பொறுப்பு மருத்துவர், நர்சிங் தரப்பில் ஒருவர், கடிதத்தில் துறை அதிகாரி முன்னிலை என்றிருந்தால் அவரும். பெட்டியை மேசையில் வைத்து ஒருவர் ஒவ்வொரு ஆம்பூலாக எடுத்து மருந்துப் பெயரும் பேட்ச்சும் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் கடிதத்தில் டிக் அடிக்க வேண்டும். ஆறும் முடிந்த பிறகுதான் முதல் ஆம்பூல் உடைய வேண்டும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, காஸ் துணியால் பிடித்து உடைத்து, மரத்தூளோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பவுடரோ போட்ட அகன்ற வாய் டப்பாவில் ஒவ்வொன்றாகக் கொட்டுங்கள். 6 ஆம்பூல் என்றால் மொத்தமே 12 மி.லி., 600 மைக்ரோகிராம். ஒரு கைப்பிடித் தூள் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய பிறகு அதை யாரும் பிரித்து எடுக்க முடியாது, அதற்காகத்தான் தூள். டப்பாவை மூடி, டேப் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, பார்கோடு ஒட்டி எரிப்பு ஆலைக்கு. உடைந்த கண்ணாடி நீல அடையாளமிட்ட துளைபடாத பெட்டியில்.

அந்த மேசையிலேயே அழிப்புச் சான்று எழுதிவிட வேண்டும்: தேதி, நேரம், கடித எண், மருந்து, பேட்ச், எண்ணிக்கை, முறை, இருந்த எல்லோர் கையெழுத்து, கழிவு வண்டிச் சீட்டின் எண். இப்போதுதான் பதிவேட்டில் இந்த 6 குறைகிறது. இதற்குள் வழங்கலில் பயன்பாட்டு இருப்பு 41-க்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வரி இப்படி: மொத்தம் 47, அழிப்பு கழித்தல் 6, சான்று எண் இன்னது, மொத்த இருப்பு 41, காலாவதி 0. எழுதி முடித்ததும் பதிவேட்டை மூடி, அதுவரை எண்ணாத ஒருவரை விட்டு மிச்சத்தை எண்ணச் சொல்லுங்கள், 41 வர வேண்டும். சான்றின் ஒரு நகல் துறைக்கு, ஒன்று பதிவேட்டின் அந்தப் பக்கத்தோடு.

கடிதத்தில் காரணம் எழுதினோமே, அதையும் பார்த்துவிடலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த 50 புதிய ஆம்பூல்களை அவசரத்தில் பழையவற்றுக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். தியேட்டர் வாங்கியதெல்லாம் முன்வரிசையிலிருந்து போக, 6 பழையவை பின்னாலேயே தங்கிவிட்டன. பேட்ச் கட்டத்தை ஒழுங்காக நிரப்பியிருந்தால் மாத நடுவிலேயே தெரிந்திருக்கும், அந்தக் கட்டம் மூன்று வாரம் "அதே" என்று மட்டும் நிரம்பியிருந்தது. அதனால் சரக்கு வந்தால் பழையதை வெளியே எடுத்து, புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் வைத்த பிறகே வரவு வரியில் கையெழுத்து. சாட்சியும் அதைப் பார்த்துவிட்டே போட வேண்டும்.